பள்ளியில் பூச்சி மாத்திரை போட்டும் கீரிப்பூச்சி திரும்ப வருவது ஏன்?

"என் மகளுக்கு 7 வயது. பிப்ரவரி 10 அன்று பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். மார்ச் நடுவிலேயே ராத்திரியில் மறுபடி ஆசனவாயைச் சொறிகிறாள். மாத்திரை வேலை செய்யவில்லையா? இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாமா?"

மாத்திரை பெரும்பாலும் வேலை செய்திருக்கும். பள்ளியில் 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் கணக்கு நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு போன்ற மண்வழிப் புழுக்களுக்காக வைத்தது. உங்கள் மகளைப் படுத்துவது அநேகமாகக் கீரிப்பூச்சி. அதன் கணக்கே வேறு.

கீரிப்பூச்சியின் பெண்புழு சுமார் 1 செ.மீ. நீளம், வெள்ளை நூல் துண்டு போல இருக்கும். குழந்தை தூங்கியதும் ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிப்பு அதனால்தான் வருகிறது. சில மணி நேரத்திலேயே அந்த முட்டைகள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். சொறிந்த நகத்திலும், ஜட்டியிலும், படுக்கை விரிப்பிலும் ஒட்டி இரண்டு, மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும். முட்டையை நம்பும்படி அழிக்காது. ஆக, 10ஆம் தேதி புழு செத்திருக்கும். அன்றோ மறுநாளோ நகத்திலிருந்த முட்டை வாய்க்குப் போயிருக்கும். அது வளர்ந்து முட்டையிடச் சுமார் ஒரு மாதம் ஆகும். மார்ச் நடுவில் அரிப்பு தொடங்கியது இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது.

முதலில் கீரிப்பூச்சிதானா என்று உறுதி செய்யுங்கள். அவள் தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஆசனவாயை விரித்துப் பாருங்கள், நெளிவது தெரியும். தெரியாவிட்டால், காலையில் எழுந்தவுடன், கழுவும் முன், ஒட்டும் பக்கம் தோலில் படும்படி செல்லோ டேப்பை அழுத்தி எடுத்து, லேபில் வாங்கிய கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிக் கொடுங்கள். ஒரு நாள் எடுத்தால் தவறலாம், தொடர்ந்து மூன்று காலை எடுப்பது நல்லது. மலப் பரிசோதனையில் இது பெரும்பாலும் சிக்காது. 'நார்மல்' என்று வந்தால் ஏமாறாதீர்கள். பெண் குழந்தைகளுக்குப் புழு முன்பக்கம் நகர்ந்து பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் தரும். பலர் அதைச் சிறுநீர்த் தொற்று என்று நினைத்து அலைகிறார்கள்.

உறுதியானால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து அதே நாளில் எல்லோருக்கும் இரண்டாவது. முதல் மாத்திரைக்குப் பின் பொரித்து வந்த புழுக்கள் முட்டையிடும் வயதுக்கு வருமுன் இரண்டாவது பிடித்துவிடும். அல்பெண்டசோலின் வழக்கமான அளவு, 2 வயதுக்கு மேல் 400 மி.கி., 1 முதல் 2 வயது வரை 200 மி.கி.; சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், முழுசாக விழுங்க விட்டால் புரையேறும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். "எனக்கெதுக்கு, எனக்கு ஒண்ணுமில்ல" என்று நழுவும் அப்பாவோ தாத்தாவோதான் பல வீடுகளில் மறுபடி வரக் காரணம். அரிப்பே இல்லாமலும் புழு இருக்கலாம்.

அந்த இரண்டு வாரமும் மாத்திரையைவிடக் காலை நேரம் முக்கியம். எழுந்தவுடன் சோப்புப் போட்டு ஆசனவாயைக் கழுவி, ஜட்டியை மாற்றுங்கள். ராத்திரி இட்ட முட்டை அதிலேயே பெரும்பகுதி போய்விடும். ராத்திரி இறுக்கமான ஜட்டி போட்டால் விரல் நேரடியாகப் படாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கை விரிப்பை உதறாதீர்கள், உதறினால் முட்டை அறை முழுக்கப் பறக்கும். அப்படியே சுருட்டி வெந்நீரில் துவையுங்கள். விளக்குமாற்றுக்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். சானிடைசர் இந்த முட்டையைக் கொல்லாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்று மிட்டாயை நிறுத்துவதில் பல்லுக்குத்தான் லாபம்.

நாக்குப்பூச்சி இப்படிப் பிள்ளைக்குப் பிள்ளை நேரடியாகத் தொற்றாது. மலத்தோடு வெளியேறும் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரமாவது கிடந்து முதிர வேண்டும். பிறகு மண் கையாலோ கழுவாத காய்கறியாலோ உள்ளே போகும். குஞ்சுப்புழு நுரையீரல் வழியாகச் சுற்றி வருவதால் சில நாள் வறட்டு இருமல் வரலாம். பிறகு குடலில் தங்கி, உள்ளே போனதிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் முட்டையிடத் தொடங்கும். வயிற்றுவலி, பசியின்மை, எடை ஏறாமை என மந்தமாகத்தான் தெரியும். சில சமயம் ஒரு சாணுக்கும் மேல் நீளமான புழு மலத்தில் வந்து விழும். இந்தியாவில் 2015 முதல் நடக்கும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். அன்று காய்ச்சலாக இருந்தாலோ லீவு போட்டாலோ, சில நாள் கழித்து விடுபட்டவர்களுக்கென்று வரும் சுற்றில் வாங்கிக்கொள்ளலாம். பள்ளியில் போட்டிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடையில் தனியாக வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை.

வயிறு உப்பி, விடாமல் வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் இருந்தால் மட்டும் பூச்சி மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள். நாக்குப்பூச்சிகள் சுருண்டு குடலை அடைத்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.