9 வருமா, 10 வருமா: ஃபிஃபோவும் எல்ஆர்யுவும், கேள்வி பதில்

ஓஎஸ் பேப்பர் நெருங்குவதால் தனித்தனியாக வந்த கேள்விகளை ஒரே இடத்தில் போடச் சொன்னேன். சில வருடம் லேப் எடுத்தேன், விடைத்தாளும் திருத்தியிருக்கிறேன். பேஜ் ரீப்ளேஸ்மென்ட் மட்டும் கேளுங்கள். டெட்லாக்குக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

மூன்றாம் வருடம், ஐடி: சார், 1,2,3,4,1,2,5,1,2,3,4,5. மூன்று ஃபிரேம், ஃபிஃபோ. எனக்கு 10 ஃபால்ட் வருகிறது, நண்பனுக்கு 9. யார் சரி?

நண்பன்தான். நீங்கள் எங்கே வழுக்கினீர்கள் என்று பார்க்காமலே சொல்ல முடியும், ஏனென்றால் இந்த 10-ஐ நான் நிறையத் தாள்களில் பார்த்திருக்கிறேன்.

1, 2, 3 காலி ஃபிரேமில் ஏறுகின்றன, மூன்று ஃபால்ட். 4 வந்ததும் 1 வெளியே. மறுபடி 1 வருகிறது, 2 வெளியே. 2 வருகிறது, 3 வெளியே. 5 வருகிறது, 4 வெளியே. ஏழு ஃபால்ட் ஆகிவிட்டது, உள்ளே பழையதிலிருந்து புதியதுவரை 1, 2, 5 நிற்கின்றன. அடுத்து 1, 2 இரண்டும் ஹிட். இங்கேதான் நீங்கள் அவை இரண்டையும் தூக்கிப் பின்னால் நிறுத்தி, வரிசையை 5, 1, 2 என்று மாற்றியிருப்பீர்கள். அதனால் 3 வரும்போது 5 வெளியே போய், கடைசி 5-க்கும் ஒரு ஃபால்ட் விழுந்து 10 ஆனது. ஃபிஃபோவில் ஹிட் வந்தால் வரிசையைத் தொடவே கூடாது. ரேஷன் கடையில் நடுவே யாரோ பேச்சுக் கொடுத்தார் என்பதற்காக முன்னால் நிற்பவர் கடைசிக்குப் போவாரா? அப்படித் தொடாமல் விட்டால் 3-க்கு 1 போகும், 4-க்கு 2 போகும், 5 உள்ளேயே இருக்கும். மொத்தம் 9.

உங்கள் 10 தப்பான எண் இல்லை, அது இதே ஸ்ட்ரிங்குக்கு எல்ஆர்யுவின் விடை. தலைப்பில் ஃபிஃபோ என்று எழுதிவிட்டு எல்ஆர்யு போட்டிருக்கிறீர்கள்.

அரியர் அண்ணாச்சி: அதே ஸ்ட்ரிங், நாலு ஃபிரேம் போட்டேன். ஃபிஃபோவுக்கு 10 வருகிறது. ஃபிரேம் கூடினால் குறையத்தானே வேண்டும்? மூன்று தடவை போட்டுவிட்டேன் அண்ணே.

நான்காவது தடவை போட வேண்டாம், 10 சரிதான். இந்த ஸ்ட்ரிங் இதைக் காட்டத்தான் பாடத்தில் இருக்கிறது. ஐபிஎம்மில் இருந்த பெலாடியும் கூட இருந்த இருவரும் 1969-இல் எழுதியது, பெலாடி அனாமலி என்று பெயர்.

ஏன் என்று பார்க்க ஒரே ஒரு கணம் போதும். ஏழாவதாக 5 வந்து உட்கார்ந்ததும் நிறுத்திப் பாருங்கள். மூன்று ஃபிரேமில் இருப்பது 1, 2, 5. நாலு ஃபிரேமில் இருப்பது 2, 3, 4, 5. பெரிய இடத்தில் 1 இல்லை! அங்கே 1, 2 ஏற்கெனவே இருந்ததால் நடுவில் வந்தவை ஹிட் ஆகிவிட்டன, ஹிட் ஆனதால் அவற்றின் வயது புதுப்பிக்கப்படவில்லை, 5 வந்ததும் மூத்தது என்று 1 வெளியேறியது. சின்ன இடத்திலோ 1 முன்பே துரத்தப்பட்டு மறுபடி வந்ததால் இளசாக நிற்கிறது. அதற்கப்புறம் நாலு ஃபிரேமில் 1, 2, 3, 4, 5 ஒவ்வொன்றும் தேவைப்படுவதற்குச் சற்றுமுன்தான் வெளியே போயிருக்கும், ஐந்தும் ஃபால்ட்.

லேப்டாப் ஸ்லோ: என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். 16 ஆக்கினால் இந்த அனாமலி வந்து இன்னும் ஸ்லோ ஆகுமா?

ஆகாது, தாராளமாகப் போடுங்கள். லினக்ஸ் போன்றவை சுத்த ஃபிஃபோ வைத்திருப்பதில்லை, எல்ஆர்யுவுக்குக் கிட்டத்தட்ட வரும் ஒன்றை வைத்திருக்கின்றன. எந்த ரேம் வாங்குவது என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேட் தயாரிப்பு: எல்ஆர்யுவுக்கு அனாமலி கிடையாது. எனவே எல்ஆர்யு எப்போதும் ஃபிஃபோவை விடக் குறைவான ஃபால்ட்தான் தரும். இரண்டு மார்க்குக்கு இப்படி எழுதினால் போதுமா?

முதல் வாக்கியத்துக்கு மார்க் உண்டு. "எனவே"யில் போய்விட்டது. மேலேயே பாருங்கள், மூன்று ஃபிரேமில் ஃபிஃபோ 9, எல்ஆர்யு 10. தோற்றது எல்ஆர்யு.

கேட் தயாரிப்பு: அது ஒரு விதிவிலக்கு. நாலு ஃபிரேமில் எல்ஆர்யு 8, ஃபிஃபோ 10. நான் சொன்னதுதானே வருகிறது?

எப்போதும் என்று எழுதினால் ஒரு விதிவிலக்கே போதும், ஐயா. அனாமலி இல்லை என்பது எல்ஆர்யுவை எல்ஆர்யுவோடு ஒப்பிடுவது. மூன்று ஃபிரேம் எல்ஆர்யுவில் இருப்பது கடைசியாகத் தொட்ட மூன்று வெவ்வேறு பேஜ், நாலில் இருப்பது கடைசியாகத் தொட்ட நாலு. சின்னது எப்போதும் பெரியதற்குள் அடக்கம், அதனால் ஃபிரேம் கூடினால் ஃபால்ட் கூட வழியில்லை. இதில் ஃபிஃபோவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

இடையில் ஒருவர்: மன்னிக்கவும், 1,2,3,4 என்று சுற்றிச் சுற்றி வந்தால் மூன்று ஃபிரேமில் எல்ஆர்யுவுக்கு ஹிட்டே கிடைக்காதே?

கிடைக்காது. ஃபிஃபோவுக்கும்தான். ஃபிரேமைவிட ஒன்று கூடுதலான லூப்பில் இரண்டும் ஒன்றாகவே கவிழும்.

ஹாஸ்டல் ரூம் 12: அண்ணா, டேபிளில் மேல் வரிசையில் இருப்பதைத்தானே எடுக்க வேண்டும்?

இல்லை தம்பி. எந்த வரிசை என்பது முக்கியமே இல்லை, எப்போது ஏறியது என்பதுதான். டேபிளுக்குக் கீழே பழையதிலிருந்து புதியதுவரை ஒரு வரி தனியாக எழுதிக்கொள்ளுங்கள், திருத்துபவருக்கும் நிம்மதி.

மீண்டும் ஐடி: கோடு தர முடியுமா சார்? சரிபார்க்க மட்டும்.

```python
def faults(refs, n, lru):
    q, f = [], 0
    for p in refs:
        if p in q:
            if lru:
                q.remove(p)
                q.append(p)
        else:
            f += 1
            if len(q) == n:
                q.pop(0)
            q.append(p)
    return f
```

`if lru:` என்ற இடத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது, அதுவும் ஹிட்டில் மட்டும்.

பெயர் வேண்டாம்: எல்ஆர்யுவில் இனி எது தாமதமாக வரும் என்று வலப்பக்கம் பார்த்து எடுத்தேன். 7 வந்தது.

வலப்பக்கம் பார்ப்பது ஆப்டிமல். அதற்கு 7 சரி. எல்ஆர்யு இடப்பக்கம் மட்டும் பார்க்கும்.

கடைசி பெஞ்ச்: முதல் மூன்று ஃபிரேம் காலியாக இருக்கும்போது வருவதும் ஃபால்ட்தானா?

முதல் பதிலில் இருக்கிறது. ஆம். ஃபிரேம்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதாகக் கேள்வியில் சொல்லியிருந்தால் மட்டும் வேறு.

வேறொருவர்: ஃபிஃபோவில் ஹிட் வந்தால் பின்னால் நகர்த்த வேண்டுமா?

தொடாதீர்கள். மேலே படியுங்கள்.

கேட் தயாரிப்பு: நிஜ புரோகிராம்களில் லோக்காலிட்டி இருக்கும். அங்கே எல்ஆர்யுதான் ஜெயிக்கும். நான் அதைத்தான் சொன்னேன்.

பெரும்பாலும் ஜெயிக்கும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "பெரும்பாலும்" என்று எழுதுங்கள். "எப்போதும்" என்று எழுதினால், நான் திருத்தும் தாளாக இருந்தால், அரை மார்க்தான்.

கேட் தயாரிப்பு: எங்கள் சார் முழு மார்க் போட்டார்.

அப்படியா. அவரிடம் அந்த ஸ்ட்ரிங்கை மூன்று ஃபிரேமில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாளைக்கு செகண்ட் சான்ஸ் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் போடுகிறேன்.