சாக்பீஸ் தெலுங்கைக் கேமரா தப்பாகப் படிக்கும்போது

"வேலூரில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். தக்காளி எடுக்க மதனப்பள்ளி மண்டிக்குப் போய்வருவேன். தெலுங்கு பேசினால் புரியும், படிக்க வராது. மண்டியில் சாக்பீசால் எழுதி வைப்பதை போன் கேமராவில் காட்டினால் ஏதேதோ சொல்கிறது. போன வாரம் 'துறைமுகம் விடுமுறை' என்று வந்தது. மதனப்பள்ளியில் ஏது துறைமுகம்? விரலால் எழுதித் தேடலாம் என்றார்கள். எழுதிப் பார்த்தேன், ஒரு எழுத்தும் சரியாக விழவில்லை. என்ன செய்யலாம்?"

பலகையில் பெரும்பாலும் రేపు సెలవు என்று இருந்திருக்கும். படித்தால் 'ரேபு செலவு', அதாவது நாளை லீவு. போன் அதை రేవు సెలవు என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 'ரேவு' என்றால் துறை, துறைமுகம். மொழிபெயர்ப்பில் தப்பே இல்லை. அதற்கு முந்தின படியில், எழுத்தைப் பார்த்த இடத்திலேயே கோளாறு நடந்துவிட்டது.

தெலுங்கில் ప, వ இரண்டும் ஒரே மாதிரி வளைந்த உடம்புதான். மேலே டிக் போட்டது போல ஒரு குறி இருக்கிறதே, அதைத் தலைக்கட்டு என்பார்கள். 'வ'வில் அது உடம்போடு ஒட்டியிருக்கும், 'ப'வில் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்கும். அச்செழுத்தில் அந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். சாக்பீஸ் கொஞ்சம் தடித்தாலோ, பழைய எழுத்தை அரைகுறையாக அழித்த பொடி அதில் படிந்தாலோ இடைவெளி மூடிவிடும். போனுக்கு அது 'வ' ஆகிவிடும். இரண்டுமே உண்மையான சொற்கள் என்பதால் தப்பு என்று அதற்குச் சந்தேகமும் வராது.

அதனால் கேமராவை நேராகக் காட்டித் தமிழில் வருவதைப் படிக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். பலகைக்கு நேர் எதிரில் நின்று ஒரு படம் எடுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் எழுத்து சாய்ந்து தப்பு கூடும். அந்தப் படத்தை Google Lens-இல் திறந்து, உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் விரலால் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது அடியில் தாராளமாக இடம் விடுங்கள். தெலுங்கில் கூட்டெழுத்தின் இரண்டாவது மெய் சின்னதாக முதல் எழுத்துக்குக் கீழே தொங்கும், அதற்கு 'ஒத்து' என்று பெயர். வரியின் அடியை வெட்டிவிட்டால் அது போய்விடும், சொல்லே மாறும்.

நகலெடுத்ததை Google Translate-இல் ஒட்டி, மூல மொழியைத் தெலுங்கு என்று நீங்களே வையுங்கள். அப்புறம் தமிழ் அர்த்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தெலுங்குப் பக்கத்து ஒலிபெருக்கிக் குறியைத் தட்டிக் கேளுங்கள். உங்களுக்குத்தான் காதில் விழும் தெலுங்கு புரியுமே! 'ரேவு செலவு' என்று கேட்ட உடனே, மண்டியில் இப்படி யாரும் சொல்ல மாட்டார்களே என்று உங்களுக்குத் தோன்றும். போனுக்கு அது தோன்றாது. வட ஆற்காட்டுக்காரர்கள் பலருக்கு இந்த வசதி உண்டு. படிக்கத் தெரியாவிட்டாலும் காது பழகியிருக்கும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஒலியை, அர்த்தம் தானாக வரும்.

கேட்டது பொருந்தவில்லை என்றால் அப்போதுதான் விரல். Google விசைப்பலகையான Gboard-இன் அமைப்பில் Languages, Add keyboard, Telugu என்று போய், அங்கே Handwriting என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் தெலுங்கு விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு எழுதப் பார்த்தால் ஒன்றும் நடக்காது.

நீங்கள் எழுதியது விழாததற்குக் காரணம் அநேகமாக வரிசை. எழுத்து தெரியாத நாம் அதைக் கோலம் போல எங்கிருந்தாவது தொடங்கி வரைகிறோம். இந்தக் கருவி உங்கள் விரல் எந்த வரிசையில் போனது என்பதையும் கவனிக்கிறது. ஆகவே முதலில் நடு உடம்பு, பிறகு தலைக்கட்டு அல்லது மேலே இருக்கும் உயிர்க்குறி, கடைசியில் கீழே தொங்கும் ஒத்து. ஒத்தை அந்த எழுத்துக்கு நேர் அடியிலேயே சின்னதாகப் போடுங்கள். பக்கத்தில் எழுதினால் தனி எழுத்தாகிவிடும்.

உங்கள் சொல்லையே எழுதுவோம். 'ரே'வுக்கு ஒரு வட்டம், அதன் தலையில் ஏகாரக் குறி. 'பு'வுக்கு உடம்பை எழுதி, தலைக்கட்டை வேண்டுமென்றே தள்ளிப் போடுங்கள். பிறகு உகரக் கொம்பு. இந்த எழுத்தில் கொம்பு அடியிலிருந்து சுற்றி வர வேண்டும். 'வு'வுக்கும் அப்படித்தான். 'வு'வில் அதைப் பக்கவாட்டில் ஒட்டினால் போன் 'ம' என்று படிக்கும், ஏனென்றால் మ பார்க்க அப்படித்தான் இருக்கும். எழுதி முடித்ததும் மேலே ஒரு பட்டையில் இரண்டு மூன்று சொற்கள் வரும். முதலாவதை உடனே தட்டாமல் எல்லாவற்றையும் பலகையோடு ஒப்பிடுங்கள். రేపు அங்கே இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்தக் கருவி தனக்குத் தெரிந்த சொல்லின் பக்கம் சாயும். 'லீவு', 'ஏலம்' போன்ற பொதுச் சொற்களுக்கு அது நல்லது, சொல் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதலாம். ஆள் பெயர், கமிஷன் கடைப் பெயர், கிராமப் பெயர் என்றால் அதுவே கெடுதல். பெயரை இழுத்துத் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு சொல்லாக்கிவிடும். பெயர்களை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக எழுதி, விழுந்ததா என்று பார்த்து அடுத்ததற்குப் போங்கள்.

விலை எழுதிய வரியில் இன்னொரு பொறி இருக்கிறது. 'தர' என்றால் விலை, ధర. இதில் வரும் 'ர' ஒரு வட்டமும் தலைக்கட்டும்தான். தலைக்கட்டு அழிந்தால் வெறும் வட்டம் மிஞ்சும், அது சுன்னா என்கிற ం போலவும், பூஜ்யம் போலவும் தெரியும். எண்கள் நம் 1, 2, 3 தான் என்பதால் கண்ணால் நீங்களே படித்துவிடலாம். ஆனால் வட்டம் எண்ணில் சேர்ந்ததா, சொல்லில் சேர்ந்ததா என்று போன் சொல்வதை நம்பி ஏலம் கேட்காதீர்கள். வாய் திறந்து கேட்டுவிடுங்கள், தெலுங்குதான் வருமே.

சில நாள் கோலார் பக்கமும் போவீர்கள் என்று நினைக்கிறேன். கன்னட எழுத்து தெலுங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி. தலைக்கட்டு டிக் போல இருந்தால் தெலுங்கு, படுக்கைக் கோடாக ஓடினால் கன்னடம். அங்கே போனதும் விசைப்பலகையையும் மூல மொழியையும் மாற்றாவிட்டால், சரியாக எழுதினாலும் குப்பைதான் வரும். மொழியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை இந்த இரண்டுக்கும் நடுவே நம்ப வேண்டாம், ஒற்றைச் சொல் என்றால் இன்னும் மோசம்.

தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றையும் Translate-இல் வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ஒரு படம், ஒரு விரலெழுத்து, ஒரு ஒலி மூன்றையும் சோதியுங்கள். எது வேலை செய்யவில்லையோ அதற்கு மண்டியில் நெட் வேண்டும் என்று அர்த்தம். பெரும்பாலும் ஒலிதான் மக்கர் பண்ணும், தெலுங்குக் குரலை போன் அமைப்பில் தனியாக இறக்க வேண்டியிருக்கும்.