அக்காவுக்கு ஐந்து பவுன், சித்தி மகளுக்கு எத்தனை?

கேள்வி: எனக்குப் பத்து வயசில் அம்மா தவறிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அப்பா சித்தியைக் கட்டினார். சித்திக்கு முதல் கல்யாணத்தில் ஒரு பொண்ணு, அவதான் என் தங்கச்சி. அவ அப்பா கடலில் தவறினவர். அவர் பேரில் இருந்த அஞ்சு சென்ட் இடம் இப்போ அவ சித்தப்பா கையில் இருக்கு. 2019-ல் என் அக்கா கல்யாணத்துக்கு அஞ்சு பவுன் போட்டோம், அதில் அம்மாவோட மூணு பவுன் சங்கிலியும் சேரும். வர்ற மே மாசம் தங்கச்சி கல்யாணம். அவளுக்கும் அஞ்சு போடலைன்னா ஊர் பேசும்னு அத்தை சொல்றாங்க. சித்தி ஒண்ணும் கேக்கல. என் சம்பளம் 42,000. கையில் 1,60,000 இருக்கு, மாசம் 10,000 மிச்சம் பிடிக்க முடியும். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு வாங்கிக் கொடுத்த வகையில் ஏற்கெனவே 1,30,000-க்கு நகைப் பணயம் இருக்கு, ரெண்டு வருஷமா ஒன்றரை வட்டி. மனைவி நகையை வச்சு இன்னும் நாலு லட்சம் எடுக்கலாமா? இல்லை, போனில் டிஜிட்டல் கோல்டு வாங்கி ரெண்டு பேருக்கும் சமமா அனுப்பலாமா?
— குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: நாலு லட்சத்தை எடுக்காதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள்.

அக்காவுக்குப் போட்ட ஐந்து பவுனில் மூன்று பவுன் அம்மாவின் சங்கிலி. அதை நீங்கள் வாங்கவில்லை, அப்பாவும் வாங்கிக் கொடுக்கவில்லை. தாயின் நகை மகளுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பரிசு என்று சொல்வதற்கில்லை. அந்த வீட்டிலிருந்து பணம் போட்டு வாங்கியது இரண்டு பவுன். ஆக, தங்கைக்குச் சமமாகச் செய்ய வேண்டுமானால் கணக்கு இரண்டில் தொடங்குகிறது. அத்தை ஐந்தில் தொடங்கியதால்தான் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது.

இரண்டாம் தாரம் வந்த வீடுகளில் சொந்தக்காரர்கள் குழம்பில் விழுந்த மீன் துண்டைக்கூட எண்ணுவார்கள். யார் தட்டில் தலை, யார் தட்டில் வால் என்று பார்த்துப் பழகிய கண்கள் அவை. அப்படி வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒருத்திக்கு ஒன்று செய்தால் அதே வாரம் இன்னொருத்திக்கும் அதே அளவு செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். நோக்கத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் ஒருவருக்கு ஆகிற பணம்தான் கையில் இருக்கும், இரண்டாமவர் பங்கு பணயக் கடையிலிருந்து வரும். உங்கள் 1,30,000 இப்படித்தான் ஏறியிருக்கிறது.

நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,950. இரண்டு வருடத்தில் 46,800. இந்தப் பதில் முழுக்க ஒரு பவுனை ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் அன்றன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட அரைப் பவுன் வட்டியாகவே போயிருக்கிறது. அக்காவுக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை.

இனி அத்தை சொல்லும் ஐந்து பவுனைப் பார்ப்போம். தங்கம் ஐந்து லட்சம். சேதாரம், செய்கூலி, வரி எல்லாம் சேர்த்து ஒரு பதினைந்து சதவீதம் போட்டால் ஐந்தே முக்கால் லட்சத்துக்குப் பக்கம் வரும். உங்கள் கையிருப்பு போக நாலு லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. அவ்வளவு கடன் கொடுக்கச் சுமார் ஐந்து பவுனாவது கேட்பார்கள். அதாவது தங்கை கழுத்தில் ஐந்து ஏற, உங்கள் மனைவி கழுத்திலிருந்து ஐந்து இறங்குகிறது. புதுக் கடனுக்கு மாதம் 6,000, பழையதற்கு 1,950, அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் மாதம் எட்டாயிரம் போகும். கடிதத்தில் மனைவி ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் நகைப்பெட்டியாக. இரண்டு பெண்களுக்குள் ஒப்பீடு வரக் கூடாது என்று மூன்றாவது ஒருத்தியை அந்த வரிசையில் நிறுத்துகிறீர்கள். அவர் இன்று வாய் திறக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு வருடமும் பணயத்தைப் புதுப்பிக்க ரசீதோடு நீங்கள் கிளம்பும்போது திறப்பார்.

இரண்டு பவுனுக்கு வாருங்கள். ஒரு பவுன் நகை எல்லாம் சேர்த்து 1,15,000. இப்போதே கையிருப்பிலிருந்து ஒன்றை வாங்கிவிடுங்கள். மிச்சம் 45,000. மாதம் பத்தாயிரமாக ஏழு மாதத்தில் 70,000 சேரும். இரண்டும் சேர்ந்தால் இன்னொரு 1,15,000. கல்யாணத்துக்குள் இரண்டாவது பவுனும் வந்துவிடும், கடன் இல்லாமல். இடையில் விலை ஏறினால் பாதி பாரம் ஏற்கெனவே இறங்கியிருக்கும். மிகவும் ஏறிவிட்டால் இரண்டாவது உருப்படி முக்கால் பவுனாக இருக்கட்டும். வேலைப்பாடு குறைந்த சங்கிலியாகப் பாருங்கள், சேதாரம் குறையும். கல் வைத்ததில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போடுகிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

2019 கடைசியில் பவுன் முப்பதாயிரத்தை ஒட்டி இருந்தது, அப்படியானால் அக்காவுக்கு ஆன அறுபதாயிரத்தை மட்டும் தங்கைக்குச் செய்தால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். அது சரியில்லை. அக்கா கையில் இருக்கும் இரண்டு பவுனும் இன்றைக்கு இரண்டு லட்சம் ஆகிவிட்டது. தங்கத்தைப் பொறுத்தவரை எடைக்கு எடை பார்ப்பதுதான் நியாயம். அதில் அம்மாவின் சங்கிலியைச் சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அம்மா விட்டுப்போனது அக்காவுக்கு என்றால், தங்கையைப் பெற்ற அப்பா விட்டுப்போனது தங்கைக்கு. அந்த ஐந்து சென்டைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே ஒரு வரி. சித்தி மறுமணம் செய்ததால் மகளின் உரிமை போய்விடாது. நீங்கள் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்ச இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. ஒரே பிள்ளை என்றால் அந்த இரண்டும் அவளுக்கே. பழைய திருவிதாங்கூர் சட்டத்தில் மகளுக்குச் சீதனத்தோடு சரி என்று இருந்ததை நம் மாவட்டத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் நடப்பில் இல்லை என்று சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. இந்து குடும்பமானால் பங்கு வேறு, மகளின் உரிமை அப்படியேதான். கல்யாண வீட்டில் இதைக் கிளப்பச் சொல்லவில்லை. சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும், தாலுகா அலுவலகத்தில் பட்டா நகலும் எடுத்து சித்தி கையில் கொடுங்கள். கல்யாணம் முடிந்ததும் ஒரு வக்கீலைப் பார்க்கட்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளாதீர்கள், நீண்ட காலம் எதிர்ப்பில்லாமல் இன்னொருவர் அனுபவித்தால் வழக்கு சிக்கலாகும். நீங்கள் கடன் வாங்கிப் போட நினைத்த மூன்று பவுனைவிட அந்த மண் அவளுக்குப் பெரிது.

டிஜிட்டல் கோல்டு பற்றிக் கேட்டீர்கள். திரையில் இரண்டு பேருக்கும் ஒரே எண் தெரியும், உண்மைதான். வாங்கும்போது மூன்று சதவீத வரி, விற்கும்போது அவர்கள் வாங்கும் விலை குறைவு, நகையாக்கப் போனால் மறுபடியும் கூலி. போதாக்குறைக்கு, இது தங்கள் கண்காணிப்பில் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. கல்யாணப் பெண்ணுக்குப் போன் திரையைக் காட்டி என்ன செய்ய? விட்டுவிடுங்கள். அடுத்து யாராவது ஒரு ஏஜென்ட் வந்து இரண்டு சகோதரிகள் பேரிலும் ஆளுக்கொரு பாலிசி என்பார், அவருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வரி விஷயத்தில் ஒரு சின்னக் கவனம். வருமான வரிச் சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலில் சகோதர சகோதரி உண்டு, ஆனால் மாற்றாந்தாயின் மகள் என்று தனியாகச் சொல்லவில்லை. அதனால் வழக்குகளும் வந்திருக்கின்றன. கல்யாணத்தையொட்டி மணமக்களுக்கு வரும் பரிசுக்கு, யார் கொடுத்தாலும், வரி இல்லை. கொடுப்பதைக் கல்யாணத்தோடு கொடுத்துவிட்டு, நகை பில்லை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகொரு நாள் ஐம்பதாயிரத்துக்கு மேல் பணமாக அனுப்பி வீண் கேள்வியை வரவழைக்க வேண்டாம்.

பழைய பணயத்தை இந்த மாதமே ஒரு வங்கிக்கு மாற்றப் பாருங்கள். ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் கிடைத்தால் மாத வட்டி 1,950-லிருந்து ஆயிரத்து நூறுக்குள் வந்துவிடும். ஜூனிலிருந்து அந்தப் பத்தாயிரத்தை அசலுக்குத் திருப்புங்கள், பதின்மூன்று மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அதுவரைக்கும் கிறிஸ்துமஸோ பிறந்தநாளோ ஞானஸ்நானமோ, கையில் மூவாயிரம் இருந்தால் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஒருத்திக்கு மூவாயிரம் கொடுத்துவிட்டு இன்னொருத்திக்கு மூவாயிரம் தேடிப் போகாதீர்கள். சித்திக்கும் வழக்கமான சேலை போதும். அம்மாவின் சங்கிலிக்கு ஈடாக அவருக்கு ஒன்று வாங்க நினைத்தால், அது அவரைத்தான் சங்கடப்படுத்தும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்றுதான் இரவில் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அத்தையிடம் அல்ல. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பதற்கு முன்னால், அப்பாவையும் சித்தியையும் ஒன்றாக உட்காரவைத்து, நேராகச் சொல்லுங்கள்: "அக்காவுக்கு நாம போட்டது ரெண்டு பவுன். மிச்சம் அம்மாவோடது. தங்கச்சிக்கும் ரெண்டு போடுறேன், ஒண்ணு வாங்கியாச்சு." நகையை அப்போதே சித்தி கையில் கொடுங்கள். இதில் 'உங்க பொண்ணு' என்ற சொல் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அக்காவுக்கும் ஒரு போன் போட்டு இதே வார்த்தைகளைச் சொல்லிவிடுங்கள். அவருக்கு வேறு யாரோ வேறு மாதிரிச் சொல்லிவிடக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் அடுக்களை காணலுக்குப் பாத்திரமும் ஃபிரிட்ஜும் யார் வாங்குவது என்று அடுத்து அத்தை ஆரம்பிப்பார். அக்காவுக்கு அன்று அப்பா வாங்கினாரா, நீங்கள் வாங்கினீர்களா? அப்பா என்றால், இப்போதும் அப்பாதான்.