ஸ்டென்ட் வைத்த பிறகு எல்டிஎல் 68 போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு (58 வயது) மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போது கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 132. இப்போது அட்டோர்வாஸ்டாட்டின் 80 சாப்பிட்டு 68-க்கு வந்துவிட்டது. லேப் ரிப்போர்ட்டில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது என்றுதான் போட்டிருக்கிறது. டாக்டரோ 55-க்குக் கீழே வர வேண்டும் என்று எஸெடிமைப் என்று இன்னொரு மாத்திரை எழுதியிருக்கிறார். இது தேவையா?

பதில்:

தேவைதான். இதய நோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன், நானாக இருந்தாலும் அதே மாத்திரையைத்தான் எழுதியிருப்பேன்.

முதலில் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த 100. அமெரிக்க வழிகாட்டுதல் ஒன்று 2001-இல் போட்ட வகைப்பாடு அது. இன்றும் பல லேப்கள் அதையே அச்சடிக்கின்றன. யாருடைய ரத்தம், அவருக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்ததா என்பதெல்லாம் அந்தத் தாளுக்குத் தெரியாது. 30 வயது ஆரோக்கியமான பெண்ணுக்கும் உங்கள் அப்பாவுக்கும் ஒரே எண்தான் அச்சாகும். அன்றைக்கு இதய நோயாளிகளுக்கும் 100-தான் இலக்காக இருந்தது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகள்தான் அதைப் படிப்படியாகக் கீழே இறக்கின. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019-இல் சொன்னது 55-க்குக் கீழே, கூடவே ஆரம்ப அளவிலிருந்து பாதியாவது குறைந்திருக்க வேண்டும். இந்திய லிப்பிட் சங்கம் உங்கள் அப்பா போன்றவர்களுக்கு 50-க்குக் கீழே என்கிறது.

சரி, ஏன் இவ்வளவு கீழே?

ஸ்டென்ட் வைத்தது ஒரே ஓர் இடத்தில். அடைப்பை உண்டாக்கிய நோய் மற்ற ரத்தக்குழாய்களிலும் பரவி இருக்கிறது. ஆஞ்சியோகிராமில் பெரிதாகத் தெரிந்த அடைப்பை மட்டும் சரி செய்திருக்கிறார்கள், 20, 30 சதவீதம் உள்ள சின்னப் படிவுகளை அப்படியே விட்டிருப்பார்கள். அதில் தவறு இல்லை, அவற்றுக்கெல்லாம் ஸ்டென்ட் வைக்கக் கூடாது. ஆனால் அடுத்த ஆபத்து எங்கிருந்து வரும் என்று பார்த்தால் கணிசமான பங்கு அங்கிருந்துதான். 2011-இல் வெளியான புராஸ்பெக்ட் என்ற ஆய்வில் ஸ்டென்ட் வைத்த சுமார் 700 பேரை மூன்று வருடம் போல கவனித்தார்கள். திரும்பவும் பிரச்சினை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது ஸ்டென்ட் வைத்த இடத்தில் வரவில்லை, வேறு இடத்தில் வந்தது. அந்த இடங்களில் முதல் ஆஞ்சியோகிராமில் இருந்த அடைப்பு சராசரியாக 32 சதவீதம்தான்.

சின்னப் படிவு எப்படி ஆபத்தாகிறது? ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு அது குழாய்ச் சுவருக்குள் நுழைகிறது. அங்கே தங்கி அழற்சியைக் கிளப்பி, கொழுப்புக் குழம்பின் மேல் இருக்கும் மெல்லிய மூடியை அரிக்கிறது. மூடி கிழிந்தால் அந்த இடத்தில் ரத்தம் உறைந்து நிமிடங்களில் குழாய் அடைபடும். அதனால்தான் 30 சதவீத அடைப்பும் மாரடைப்பாக மாறுகிறது. எல்டிஎல்லை நன்றாகக் குறைத்தால் குழம்பு சுருங்கும், மூடி தடிக்கும். குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் கருவி விட்டு அளந்த ஆய்வுகளில், எல்டிஎல் 60 போலவும் அதற்குக் கீழேயும் போனவர்களுக்குப் படிவு சற்றே சிறிதாகவும் தொடங்கியது. அந்தச் சுருக்கம் மிகக் குறைவு, அடைப்பு கரைந்து போகும் என்று நினைத்துவிடாதீர்கள். படிவு உறுதியாவதுதான் முக்கியம்.

அப்பாவின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 132-இலிருந்து 68, கிட்டத்தட்ட பாதி. அட்டோர்வாஸ்டாட்டின் 80 செய்யக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம்தான் குறையும், அதிலும் அப்பா ஏற்கெனவே உச்ச அளவில் இருக்கிறார். ஸ்டாட்டின் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கிறது, எஸெடிமைப் குடலில் அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. வழி வேறு என்பதால் இன்னொரு 20 சதவீதம் போல குறையும். அப்படியானால் 68 ஏறக்குறைய 53 அல்லது 54 ஆகும்.

இதே இறக்கத்தை நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2015-இல் வெளியான இம்ப்ரூவ்-இட். மாரடைப்போ அதற்கு நெருக்கமான நிலையோ வந்த 18,144 பேர். ஒரு பாதிக்கு ஸ்டாட்டின் மட்டும், மறுபாதிக்கு அதோடு எஸெடிமைப். எல்டிஎல் ஒரு குழுவில் 70-ஐ ஒட்டி, மற்றதில் 54-ஐ ஒட்டி. ஏழு வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தவர்கள் ஸ்டாட்டின் மட்டும் எடுத்தவர்களில் 34.7 சதவீதம், இரண்டும் எடுத்தவர்களில் 32.7 சதவீதம். நூறு பேரில் இரண்டு பேர் தப்பினார்கள். பெரிய எண்ணாகத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் ஸ்டாட்டினுக்கு மேலே கிடைத்த லாபம் இது. சர்க்கரை நோய் உள்ளவர்களில் மட்டும் எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் மேல். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் இந்த மாத்திரையை இன்னும் அழுத்திச் சொல்வேன். மாரடைப்பே வராத ஒருவருக்கு எல்டிஎல் இதே அளவு குறைந்தாலும் லாபம் சொற்பம்தான், காரணம் அவருக்கு ஆபத்தே குறைவு. இலக்கு ஆளுக்கு ஆள் மாறுவது இதனால்தான்.

இவ்வளவு குறைத்தால் மூளைக்கு ஏதாவது ஆகுமோ என்று பல குடும்பங்கள் என்னிடம் கேட்கின்றன. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்கிறது, ரத்தத்தில் இருப்பதை வாங்குவதில்லை. ஊசி மருந்தால் எல்டிஎல் 20-க்குக் கீழே போனவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தும் ஞாபக சக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. ஸ்டாட்டினால் சிலருக்குத் தசை வலி வரும், சர்க்கரை லேசாக ஏறலாம். கடும் தசை வலி, கருத்த சிறுநீர் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு வேறு. "நார்மல் ஆயிடுச்சே" என்று வீட்டிலேயே மாத்திரையைப் பாதியாக்குவார்கள் அல்லது நிறுத்துவார்கள். சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். உடம்பில் ஒன்றும் தெரியாது, ரத்தப் பரிசோதனையில் மட்டும்தான் தெரியும்.

எஸெடிமைப் ஆரம்பித்து நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் திரும்பப் பரிசோதியுங்கள். ஒரு விஷயம், பல லேப்கள் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். ட்ரைகிளிசரைடு அதிகமாகவும் எல்டிஎல் குறைவாகவும் இருக்கும்போது இந்தக் கணக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு 200-ஐத் தாண்டினால் நேரடி எல்டிஎல் பரிசோதனை கேளுங்கள், அல்லது மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்த எண்ணைப் பாருங்கள். அது 85-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதும் இலக்கு எட்டவில்லை என்றால் பெம்படோயிக் அமில மாத்திரை இருக்கிறது, அப்புறம் ஊசி மருந்துகள் இருக்கின்றன. ஊசிகளின் விலை அதிகம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் இரண்டாவது முறை மாரடைப்பு வந்தவர்களுக்கு இலக்கு 40 வரை இறங்கும் என்பதால் அவர்களுக்கு அந்தப் பேச்சை நான் சீக்கிரமே எடுத்துவிடுவேன்.