கேள்வி-பதில்: வழக்கறிஞர் அனுப்பும் விலகல் கடிதம்

"சொத்து வழக்கில் நான் பிரதிவாதி. பேசிய 60,000 ரூபாயில் 35,000 கொடுத்திருக்கிறேன். மீதி வராததால் விலகுவதாகவும், பாக்கியைத் தீர்த்தால்தான் கேஸ் கட்டு கிடைக்கும் என்றும் வழக்கறிஞர் எழுதியிருக்கிறார். ஆறு நாளில் குறுக்கு விசாரணை. என்ன செய்வது?"

கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டதனாலேயே அவர் வழக்கிலிருந்து விலகியவர் ஆகிவிடமாட்டார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதிப்படி, நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்து மூலம் தாக்கல் செய்து முடித்துக்கொள்ளும்வரை வக்காலத்து உயிரோடுதான் இருக்கும். கட்டணம் தராதவருக்காக யாரும் இலவசமாக வாதாட வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள், போதிய காரணத்தோடு நியாயமான முன்னறிவிப்பும் வேண்டும் என்கின்றன. குறுக்கு விசாரணைக்கு ஆறு நாள் முன்னால் வந்து சேரும் கடிதத்தை நியாயமான அறிவிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடிதத்தில் உள்ள தேதியையும் உறையின் மேல் விழுந்திருக்கும் தபால் முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து, உறையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கட்டைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை. கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் நிறுத்திவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. பாக்கி உண்மையானால் அதற்குத் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம். தவிர, விலகுகிறவர் வாங்கிய பணத்தில் உழைக்காத பகுதியைத் திருப்பித் தர வேண்டும். 60,000 என்பது தீர்ப்பு வரைக்குமான தொகையாக இருந்து, இதுவரை எதிர்வழக்குரை மட்டுமே தாக்கலாகியிருந்தால், பாக்கி யாருடையது என்பதே கேள்விக்குரியது. இவற்றை எழுதி இன்றே விரைவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். வாய்தா அன்று வேறு வழக்கறிஞர் அமையாவிட்டாலும் நீங்களே நேரில் போய், கடிதத்தைக் காட்டி அவகாசம் கேளுங்கள்.

இங்கே என் பழைய ஆற்றாமையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு ரூபாய் மின்விசிறிக்கு ரசீது கேட்கும் நாம், வழக்கறிஞர் கட்டணத்தை மட்டும் வாய்வார்த்தையில் பேசி, கேட்கும்போதெல்லாம் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம். எந்தக் கட்டம் வரைக்கும் அந்தத் தொகை, எழுத்துச் செலவும் நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்குமா என்று யாரும் எழுதி வாங்குவதில்லை. நானும் ஒருமுறை நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றபடியே 10,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். பின்னர் வந்த விலகல் கடிதத்தில் அதே தொகை பாக்கி என்று இருந்தது. காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லாததால், இரண்டாம் முறையும் கொடுத்தேன்.

"பழைய வழக்கறிஞர் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட மறுக்கிறார். புதியவர் வக்காலத்து தாக்கல் செய்ய முடியுமா?"

முடியும், ஒப்புதல் கிடைக்காத காரணத்தை மனுவில் சொல்லி, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று ஆஜராகலாம்.

"விலகல் கடிதம் என்று தெரியாமல் உறையைப் பிரிக்காமல் வைத்துவிட்டேன். வழக்கு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது. வழக்கறிஞர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?"

போக முடியாது. வழக்கறிஞரின் தொழில்முறைச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தொழில் ஒழுங்கு தவறியவர் மீது மாநில வழக்கறிஞர் கழகத்தில் புகார் செய்யலாம் என்றாலும், அவர் முறையாக எழுதித் தெரிவித்ததை நீங்கள் பிரித்துப் படிக்காதது அவருடைய தவறாகுமா? தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவை அதே நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் போட வேண்டும். முதலில் அதைக் கவனியுங்கள்.

"நான் இளம் வழக்கறிஞர். கட்சிக்காரர் ஏழு மாதமாகக் கட்டணம் தரவில்லை. விலகல் கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்?"

கடிதத்தைப் படிக்கிறவர் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு வழக்கறிஞரிடம் போய் நிற்கும்படி எழுதுங்கள். வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா, அன்று நடக்கவிருப்பது, அதற்குள் தாக்கல் செய்ய வேண்டியது ஆகியவை முதலில் வரட்டும். பிறகு பேசிய தொகை, வந்த தொகை, நிற்கும் தொகை ஆகியவற்றைத் தேதியோடு சொல்லி, "இன்ன தேதிக்குள் தீர்க்காவிட்டால் விலக அனுமதி கேட்டு மனு செய்வேன், அனுமதி கிடைக்கும்வரை உங்கள் சார்பில் ஆஜராவேன், கட்டை எப்போது வேண்டுமானாலும் வந்து பெற்றுக்கொள்ளலாம்" என்று முடியுங்கள். முக்கியமான விசாரணை நெருங்கும் நேரத்தில் அனுப்பாமல், சில வாய்தாக்கள் இருக்கும்போதே அனுப்புங்கள். ஒப்புகையோடு அனுப்பினால் பெற்றுக்கொண்டதற்கு ஆதாரம் இருக்கும்.

கோபத்தில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. "உங்கள் வழக்கில் பலமில்லை", "உண்மையை என்னிடம் மறைத்தீர்கள்" என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். அனுமதி மனுவோடு அந்தக் கடிதத்தின் நகலையும் இணைக்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை ஆற அமரப் படிப்பார்.