யார் வாயில் கேட்ட சொல் அது?

அன்புள்ள அண்ணா,
லண்டன் பையன்களைப் பற்றிய ஒரு தொடருக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுகிறேன். செல்போனைப் பறிகொடுத்தவனிடம் நண்பன் ‘தட்ஸ் பீக்’ என்கிறான். இணையக் கொச்சை அகராதி ஒன்றில் அதிக லைக் வாங்கிய விளக்கம் ‘பிரமாதம்’ என்கிறது. லீட்ஸில் இருக்கும் சித்தப்பாவிடம் “பீக்னா சூப்பர்தானே?” என்று கேட்டேன். ஆமாம் என்றார். கிண்டல்போல என்று ‘சூப்பர்டா’ போட்டுவிட்டேன். இந்த அகராதிகளை எவ்வளவு நம்பலாம்?
ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்த வரியை ‘கொடுமைடா’ என்று மாற்றுங்கள். லண்டன் இளைஞர் பேச்சில் பீக் என்றால் மோசம், கெட்ட நேரம். அவன் கிண்டலடிக்கவில்லை, ஆறுதல் சொல்கிறான். ‘பிரமாதம்’ என்ற பொருளும் பொய்யில்லை; அது இணையத்தில் அனிமே ரசிகர்கள் புழங்கும் பீக். சொல் ஒன்று, பேசுகிற கூட்டம் வேறு.

லைக்கை விடுங்கள். அர்பன் டிக்‌ஷனரி போன்ற இணையக் கொச்சை அகராதிகளில் யாரும் விளக்கம் எழுதலாம், சிரிக்க வைத்தாலும் லைக் விழும். சொல் பிறந்த கதைகளையும் தாண்டிப் போங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் பாருங்கள். சொல்லை விரலால் மறைத்துவிட்டுப் படித்தால் பொருளை ஊகிக்க முடிகிறதா? ‘அவன் ரொம்ப பீக்’ என்பதில் எதை வேண்டுமானாலும் போடலாம். அது சாட்சியே இல்லை. ‘பஸ் போயிடுச்சு, மழை வேற, பீக்’ என்றால் சாட்சி. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு வருடங்களில், ஒரே பொருளை எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும். பிறகு கிரீன்ஸ் டிக்‌ஷனரி ஆஃப் ஸ்லாங்கைத் திறந்து பாருங்கள். அதில் சொல் எங்கே, எந்த வருடம் அச்சில் வந்தது என்று மேற்கோளோடு இருக்கும். ஆனால் புத்தம்புதுச் சொல் அங்கே வந்துசேரத் தாமதமாகும்.

எனக்குக் கோபம் வந்தது நீங்கள் சித்தப்பாவிடம் கேட்ட விதத்தில்தான். ‘சூப்பர்தானே’ என்று பதிலை ஊட்டிவிட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ஆளும் தவறு. தமிழர்தானே என்று நாகர்கோவில் தாத்தாவிடம் ‘பேஜார்’ என்றால் என்னவென்று கேட்பீர்களா? லண்டனில் வளர்ந்த, இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள் மூன்று நான்கு பேரைப் பிடியுங்கள். தனித்தனியாகக் கேளுங்கள், குழுவில் கேட்டால் முதலில் பேசியவர் பதிலையே மற்றவர்களும் சொல்வார்கள். பொருளைச் சொல்லாதீர்கள். “ஒருத்தன் ‘தட்ஸ் பீக்’னு சொல்றான், அதுக்கு முன்னாடி என்ன நடந்திருக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். ‘போன் தொலைஞ்சிருக்கும், பரீட்சை ஊத்திக்கிட்டிருக்கும்’ என்று நீங்கள் சொல்லாமலே வந்தால் முடிந்தது. அடுத்து, “நீங்க இதைச் சொல்வீங்களா? யார் சொன்னா சிரிப்பீங்க?” என்று கேளுங்கள். சொல் பழசாகிவிட்டதா, சின்னப் பையன்கள் மட்டும் பேசுவதா என்பது அதில்தான் தெரியும். பதில் இரண்டாகப் பிரிந்தால், யாருக்கு என்ன வயது, எந்த ஊர் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் பிரிந்திருக்கும். ‘கேள்விப்பட்டதே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் சொல்லே இல்லை என்று அடித்துவிடாதீர்கள், தம்பி. அவர் கூட்டத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அதே தொடரில் ‘பேர் பீப்பிள்’ என்றும் வந்திருக்கலாம். அதிலுள்ள ‘பேர்’ என்பதற்கு ‘வெறும்’ என்று போட்டிருந்தால் அதையும் திருத்துங்கள். அந்தப் பையன்களுக்கு அது ‘நிறைய’.