விண்ணப்பம் போட்டாலே ‘காப்புரிமை பெற்றது’ என்று எழுதலாமா?

கேள்வி: பொள்ளாச்சியில் தேங்காய் உரிக்கும் கருவி ஒன்றை நண்பரோடு சேர்ந்து உருவாக்கியிருக்கிறேன். 2024 மார்ச்சில் தற்காலிக விவரணத்துடன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். 2025 பிப்ரவரியில் முழு விவரணம் கொடுத்தோம். அந்த விண்ணப்பம் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகிவிட்டது, ஆய்வுக்கும் மனு கொடுத்தாயிற்று, ஆய்வறிக்கை இன்னும் வரவில்லை. 2025 மார்ச்சில் பல நாடுகளை மனதில் வைத்து பிசிடி என்ற சர்வதேச விண்ணப்பமும் போட்டோம். காலால் மிதித்து இயக்கும் அமைப்புக்கு 2024 ஜூனில் தனியாக ஒரு தற்காலிக விண்ணப்பம் போட்டோம், பிறகு அதைத் தொடரவில்லை. கருவி இரண்டாவது மாதிரி நிலையில் இருக்கிறது. இரண்டு தோப்புகளில் 1,200 காய்கள் உரித்துப் பார்த்தோம். முன்பதிவு வாங்க ஒரு பக்கம் தயார் செய்கிறோம். அதில் என்னைப் பற்றிய அறிமுகத்தை எழுதிக் கொடுத்தவர், “3 சர்வதேசக் காப்புரிமைகள் பெற்ற தனிக் கண்டுபிடிப்பாளர். களத்தில் நிரூபிக்கப்பட்ட கருவி” என்று எழுதி, கால்மிதி எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கியிருக்கிறார். இப்படியே போடலாமா?

பதில்: போட வேண்டாம். பக்கம் இன்னும் வெளியாகாதது நல்லதாகப் போயிற்று.

அந்த வாசகத்தில் ‘பெற்ற’ என்ற சொல்தான் முதல் சிக்கல். இன்றைய நிலையில் உங்களிடம் காப்புரிமை ஒன்றுகூட இல்லை. முதல் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. இதழில் வெளியாவது வழங்கப்பட்டதற்கு அடையாளம் அல்ல. 18 மாதம் முடிந்ததும் பெரும்பாலும் எல்லா விண்ணப்பமும் வெளியாகும். அதன் பிறகுதான் ஆய்வு அதிகாரி அதைப் படித்து, ஆட்சேபணை எழுதி, உங்கள் பதிலைப் பார்த்து முடிவு சொல்வார். இடையில் எதிர்ப்பு மனுவும் வரலாம்.

1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 120வது பிரிவு, தான் விற்கும் பொருளுக்குக் காப்புரிமை இருப்பதாகவோ, விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாகவோ பொய்யாகக் காட்டுபவருக்குத் தண்டத்தொகை விதிக்கிறது. முன்பு ஒரு லட்சமாக இருந்த உச்சவரம்பு, 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்தால் 10 லட்சம் ரூபாயாகிவிட்டது. தவறு தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூடுதல். முன்பதிவுதானே, விற்பனை இல்லையே என்று வாதாடலாம். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு அந்த வாதத்தை நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

‘நிலுவையில்’ என்று சொல்வதும் இந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் கால்மிதி விண்ணப்பத்தின் கதை அதுதான். தற்காலிக விவரணம் கொடுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்காவிட்டால், விண்ணப்பம் கைவிடப்பட்டதாகச் சட்டமே கருதிவிடும். 2025 ஜூனோடு அது முடிந்தது. அதைக் கணக்கில் சேர்த்து எண்ணிக்கை காட்டினால், இல்லாத விண்ணப்பத்தை இருப்பதாகச் சொன்னதாகும்.

ஆனால் எனக்கு உண்மையில் கவலை தருவது அந்தக் கால்மிதி விளக்கம். இப்படிக் கைவிடப்பட்ட தற்காலிக விண்ணப்பம் இதழில் வெளியிடப்படுவதில்லை. எனவே நீங்கள் வெளியே சொல்லாமல் இருந்தால், அந்த அமைப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க இன்னும் வழி இருக்கிறது. பழைய 2024 தேதி கிடைக்காது, புதிய தேதிதான். அதே அமைப்பை உங்கள் பக்கத்திலேயே படம் போட்டு விளக்கிவிட்டீர்கள் என்றால், காப்புரிமைக்குத் தேவையான புதுமை அங்கேயே போய்விடும். நாளை நீங்கள் விண்ணப்பித்தால், ஆய்வு அதிகாரி உங்கள் பக்கத்தையே உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டுவார். கண்டுபிடித்தவரே வெளியிட்டார் என்பதற்காக இந்தியச் சட்டம் பொதுவான சலுகைக் காலம் எதுவும் தருவதில்லை.

தோப்பில் சோதித்தபோது அந்த மிதி கருவியில் இருந்ததா, வெளியாட்கள் பார்த்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். நியாயமான சோதனைக்காகப் பொது இடத்தில் இயக்குவது தவிர்க்க முடியாததாக இருந்தால், 32வது பிரிவு ஓராண்டு வரை பாதுகாப்புத் தருகிறது. அதனால் சோதனை நடந்த தேதிகளைக் குறித்துக்கொண்டு, உங்கள் காப்புரிமை முகவரிடம் உடனே காட்டுங்கள். முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு வேறு ஏதாவது மேம்பாடு செய்திருந்தாலும் இதே எச்சரிக்கைதான்: தாக்கல் செய்த விவரணத்தில் எழுதப்பட்டதற்கு மட்டுமே அந்தத் தேதி காவல்.

சரி, ‘சர்வதேச’ என்ற சொல்லுக்கு வருவோம். பிசிடி என்பது பல நாடுகளில் விண்ணப்பிக்கும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளும் நடைமுறை. அதன் முடிவில் யாரும் உலகக் காப்புரிமை கொடுப்பதில்லை. ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத்தான் வழங்கும். WO என்று தொடங்கும் எண் வெளியீட்டு எண் மட்டுமே. உங்களுக்கு 2024 மார்ச்சிலிருந்து கணக்கு: அமெரிக்காவுக்கு 30 மாதம், அதாவது 2026 செப்டம்பர். அதற்குள் அங்கே தனியாக விண்ணப்பிக்காவிட்டால் அந்த நாட்டைப் பற்றிப் பேச எதுவும் இருக்காது. வெளிநாட்டு விண்ணப்பத்தைக் குறிப்பிடும்போது நாட்டையோ நடைமுறையையோ பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘காப்புரிமை’ என்ற சொல் இந்தியக் காப்புரிமையைத்தான் குறிப்பதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

‘தனிக் கண்டுபிடிப்பாளர்’ என்பதை நீக்கிவிடுங்கள். விண்ணப்பத்தில் நண்பர் பெயரும் கண்டுபிடிப்பாளராக இருக்கும். பக்கத்தில் அவரை விட்டால், முதல் சண்டை அவரோடுதான் வரும்.

அப்புறம் வளர்ச்சி நிலை. ‘களத்தில் நிரூபிக்கப்பட்டது’ என்றால் வாங்குபவர், பல மாதம் பலர் கையில் ஓடிப் பார்த்த கருவி என்று புரிந்துகொள்வார். உங்களிடம் இருப்பது ஒரு மாதிரி, இரண்டு தோப்பு, 1,200 காய்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தன்மை பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். எத்தனை காய், எங்கே, யார் செய்த சோதனை என்று எண்ணோடு எழுதினால் அந்தப் பயம் இல்லை. தென்னை விவசாயிக்கும் அதுதான் பயன். 1,200 காய்களில் எத்தனை உடைந்தன என்ற கணக்கு இருந்தால் அதையும் சேருங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“பொள்ளாச்சியைச் சேர்ந்த நானும் என் நண்பரும் சேர்ந்து உருவாக்கிய தேங்காய் உரிக்கும் கருவி இது. இந்தியாவில் காப்புரிமை விண்ணப்பம் நிலுவையில் உள்ளது (விண்ணப்ப எண் …, தாக்கல் 2024 மார்ச், இதழில் வெளியானது, ஆய்வுக்கு மனு கொடுக்கப்பட்டுள்ளது). அதே கண்டுபிடிப்புக்கு 2025 மார்ச்சில் பிசிடி விண்ணப்பமும் தாக்கலாகியுள்ளது. காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை. கருவி இரண்டாவது மாதிரி நிலையில் உள்ளது. இரண்டு தோப்புகளில் 1,200 காய்களை நாங்களே உரித்துச் சோதித்துள்ளோம். வணிக உற்பத்தி தொடங்கவில்லை. முன்பதிவு மட்டும் நடக்கிறது. இந்த விவரம் சரிபார்க்கப்பட்ட நாள்: …”

எண்ணைப் போடத் தயங்க வேண்டாம். 202441 என்று தொடங்கினால் 2024இல் சென்னை அலுவலகத்தில் தாக்கலானது என்று விவரம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். யாரும் காப்புரிமை அலுவலகத் தளத்தில் நிலையைச் சரிபார்க்கலாம். கால்மிதியைப் பற்றி மட்டும், புதிய விண்ணப்பம் தாக்கலாகும் வரை ஒரு வரிகூட வேண்டாம். பக்கத்துக்காக எடுத்த காணொளியிலும் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆய்வறிக்கை வந்தால் ஆறு மாதத்துக்குள் பதில் கொடுக்க வேண்டும். தவறினால் முதல் விண்ணப்பமும் கைவிடப்பட்டதாகிவிடும், அன்றே பக்கத்தையும் திருத்த வேண்டியிருக்கும். காப்புரிமை வழங்கப்பட்டால் ‘நிலுவையில்’ என்பதை எடுத்துவிட்டு, வழங்கப்பட்ட எண்ணைப் பக்கத்திலும் கருவியின் தகட்டிலும் போடுங்கள். எண் இல்லாமல் வெறுமனே ‘காப்புரிமை பெற்றது’ என்று பொறித்திருந்தால், நகலெடுத்தவர் “எனக்குத் தெரியாது” என்று சொல்லி நஷ்டஈட்டிலிருந்து நழுவ காப்புரிமைச் சட்டத்தின் 111வது பிரிவு இடம் கொடுக்கிறது.